ஓட்ஸ் கஞ்சி: ஒரு கிண்ணத்துக்கு ஒரு கணக்கு, குடும்பத்துக்கு ஒரு கணக்கு

(வல்லக்கோட்டையில் தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் வல்லக்கோட்டையைச் சுற்றி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள். வீட்டுக்கு ஒருவராவது ஷிப்டு வேலைக்குப் போகிறார். விடிவதற்கு முன்னே கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. இட்லிக்கு மாவு இருந்தால் பிழைத்தோம்; இல்லாவிட்டால் வெறும் காபியோடு ஓடுகிறார்கள். அதனால்தான் இன்றைக்குப் பல வீடுகளில் ஓட்ஸ் பாக்கெட் வந்து உட்கார்ந்திருக்கிறது. "மூன்று நிமிஷத்தில் கஞ்சி ஆயிடும்" என்று வாங்கி வருகிறோம். ஆனால் ஒரு நாள் தண்ணீராய் ஓடுகிறது, ஒரு நாள் களி மாதிரி கட்டியாகிறது. "இது நமக்குச் சரிப்படாது" என்று பாக்கெட்டை மேல் தட்டில் தூக்கி வைத்துவிடுகிறோம்.

ஓட்ஸ் மேல் குற்றம் இல்லை. பாக்கெட்டில் போட்டிருப்பது பெரும்பாலும் ஒருவருக்கான அளவு. அதை நாம் வீட்டில் உள்ள நான்கைந்து பேருக்கு அப்படியே பெருக்கிவிடுகிறோம். அடுப்பில் வைக்கும் கஞ்சிக்கு அந்தப் பெருக்கல் சரிவராது. இரவில் ஊறவைக்கும் ஓட்ஸுக்கோ அதே பெருக்கல் சரியாக வரும். ஏன் இந்த வித்தியாசம் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். அது புரிந்துவிட்டால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அளக்கும் பாத்திரம்

முதலில் அளவுப் பாத்திரம். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்று 200 மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டம்ளர் எவ்வளவு பிடிக்கிறது என்று தெரிய ஒரு வழி உண்டு. அரை லிட்டர் பால் பாக்கெட்டை அதில் ஊற்றிப் பாருங்கள். இரண்டரை டம்ளர் வந்தால் அது 200 மில்லி டம்ளர். கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் கவலை வேண்டாம். ஓட்ஸ், பால், தண்ணீர் மூன்றையும் ஒரே டம்ளரால் அளந்தால் விகிதம் மாறாது. பழைய ஆழாக்கு வீட்டில் இருந்தால் அதனாலும் அளக்கலாம். கஞ்சியின் மொத்த அளவு சற்றுக் குறையும், பதம் கெடாது. ஓட்ஸை ஒரு டம்ளரிலும் தண்ணீரை வேறொரு செம்பிலும் அளப்பதுதான் தவறு.

அந்த டம்ளரில் பாதி ஓட்ஸ் எடுத்தால், அழுத்தாமல் தளர எடுத்தால், ஏறக்குறைய 40 கிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு கிண்ணத்துக்கு இதுதான் அளவு. அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட்டில் 25 கிண்ணம். நாளைக்கு நாலு கிண்ணம் போடுகிற வீட்டுக்கு ஆறு நாள் வரும். மாதச் சாமான் பட்டியல் எழுதும்போது இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி. கடையில் இரண்டு வகை அவல் ஓட்ஸ் கிடைக்கிறது. சீக்கிரம் வேகும் வகை மெல்லியதாக, உடைந்த அவல் போல இருக்கும். மற்றது முழு அவல், கெட்டி அவல் போலத் தடிப்பாக இருக்கும். நான் சொல்லும் அடுப்புக் கணக்கு மெல்லிய வகைக்கு. முழு அவலானால் ஐந்து நிமிஷம் கூட வேகவிட வேண்டும், தண்ணீரும் கிண்ணத்துக்குக் கால் டம்ளர் கூட வேண்டும். இரவில் ஊறவைக்க முழு அவல்தான் நல்லது. மெல்லியது விடிவதற்குள் கூழாகிவிடும். மசாலா கலந்து சின்னச் சின்னப் பொட்டலமாக வருவது வேறு. அதில் உப்பு அதிகம். இந்தக் கணக்குக்கு அது உதவாது.

அடுப்புக் கஞ்சி: ஒரு கிண்ணம்

ஒரு கிண்ணத்துக்கு அரை டம்ளர் ஓட்ஸ், ஒரு டம்ளர் தண்ணீர், அரை டம்ளர் காய்ச்சின பால். அதாவது ஓட்ஸ் ஒரு பங்கு என்றால் தண்ணீரும் பாலும் சேர்ந்து மூன்று பங்கு. அந்த மூன்றில் இரண்டு தண்ணீர், ஒன்று பால்.

செய்முறை இப்படி. ஓட்ஸைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டுக் கலக்கி அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். மூன்று நிமிஷம் அடிவரை கிளறிக்கொண்டே இருங்கள். பிறகு பாலை ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். மூடி வைத்து ஐந்து நிமிஷம் விடுங்கள். அந்த ஐந்து நிமிஷமும் சமையலில் சேர்ந்ததுதான். அதை விட்டுவிடக் கூடாது.

"பாலை முதலிலேயே ஊற்றினால் என்ன?" என்று கேட்பீர்கள். பாலோடு ஓட்ஸ் வெந்தால் சீக்கிரம் அடிப்பிடிக்கும், பொங்கியும் வழியும். ஓட்ஸ் தண்ணீரில் வேகட்டும். பால் கடைசியில் வந்து சேரட்டும். பாலில் உள்ள சத்து எதுவும் இதனால் குறையாது.

நாலு கிண்ணத்துக்கு நாலு மடங்கா?

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர், மனைவி, கணவருடைய தாயார், ஆறு வயதுப் பையன், பத்து மாதப் பெண் குழந்தை. கணவர் உழைக்கிறவர், அவருக்கு ஒன்றரைக் கிண்ணம். மனைவிக்கு ஒன்று. பாட்டிக்கு முக்கால். பையனுக்கு அரை. குழந்தைக்குக் கால். கூட்டிப் பாருங்கள், நாலு கிண்ணம். ஐந்து பேர் என்று ஐந்து கிண்ணம் போட்டிருந்தால் ஒரு கிண்ணம் வீணாய்ப் போயிருக்கும். ஆளை எண்ணாமல் கிண்ணத்தை எண்ணுங்கள்.

அந்த வீட்டு அம்மா என்ன செய்தார்? எல்லாவற்றையும் நாலு மடங்காக்கினார். இரண்டு டம்ளர் ஓட்ஸ், நாலு டம்ளர் தண்ணீர், இரண்டு டம்ளர் பால். கஞ்சி நீர்க்க ஓடியது.

"என்னங்க, நீங்க வாங்கி வந்த பாக்கெட்டுல போட்டிருக்கிற மாதிரிதானே செஞ்சேன்?"

"ஒருத்தருக்குச் செஞ்சப்ப நல்லா வந்துச்சே. இன்னிக்கு மட்டும் ஏன் இப்படி?"

இருவர் சொன்னதும் உண்மை. காரணம் ஆவியில் இருக்கிறது.

கஞ்சி கொதிக்கும்போது தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகப் போய்விடுகிறது. எவ்வளவு போகும் என்பது உள்ளே எத்தனை கிண்ணம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. தீ எவ்வளவு எரிகிறது, பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், எத்தனை நிமிஷம் கொதித்தது, இவற்றைப் பொறுத்தது. ஒரு கிண்ணம் கஞ்சி சின்னத் தீயில் வேகும்போது சுமார் கால் டம்ளர் ஆவியாகும். நாலு கிண்ணம் அதே அடுப்பில் வேகும்போது, பாத்திரம் சற்றுப் பெரிது, நேரமும் சற்று அதிகம் என்பதால் சுமார் அரை டம்ளர் ஆவியாகும். நாலு மடங்காக ஒரு டம்ளர் ஆவியாவதில்லை.

நாலு மடங்காகத் தண்ணீர் ஊற்றும்போது நாம் ஒரு டம்ளர் ஆவியாகும் என்று நம்பி ஊற்றுகிறோம். போவதோ அரை டம்ளர். மீதி அரை டம்ளர் கஞ்சியிலேயே நின்றுவிடுகிறது. அதுதான் நீர்த்துப்போனதற்குக் காரணம்.

ஆகவே குடும்பத்துக்குச் செய்யும்போது ஓட்ஸை நேராகப் பெருக்குங்கள். பாலையும் நேராகப் பெருக்குங்கள். தண்ணீரை மட்டும் குறைத்துப் பெருக்குங்கள். முதல் கிண்ணத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர்; அதற்குமேல் கூடுகிற ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முக்கால் டம்ளருக்குச் சற்றுக் கூட. அப்படியானால் நம் குடும்பத்தின் நாலு கிண்ணத்துக்கு இரண்டு டம்ளர் ஓட்ஸ், மூன்றரை டம்ளர் தண்ணீர், இரண்டு டம்ளர் பால். பால் 400 மில்லி ஆகிறது. அரை லிட்டர் பாக்கெட்டில் 100 மில்லி மிச்சம். பெரியவர்கள் காபிக்கு ஆகும்.

உங்கள் அடுப்பு என் அடுப்பு மாதிரி இருக்காது. அதனால் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகக் கஞ்சி வைக்கும் பாத்திரத்தில் மூன்றரை டம்ளர் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்தபின் தீயைக் குறைத்து, கஞ்சிக்கு ஆகிற நேரம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். ஆறின பிறகு அதே டம்ளரால் அளங்கள். அரை டம்ளர் குறைந்திருந்தால் நான் சொன்ன கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தும். முக்கால் டம்ளர் குறைந்திருந்தால் கால் டம்ளர் தண்ணீர் கூட ஊற்றிக்கொள்ளுங்கள். விறகடுப்பில் தீ கூடிக் குறையும்; அங்கே ஒரு டம்ளர் வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதம் பார்த்துச் சேர்ப்பதே நல்லது.

பாத்திரமும் பெரிதாக வேண்டும். நாலு கிண்ணத்துக்குப் போடுவது மொத்தம் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம். ஓட்ஸ் நுரைத்துப் பொங்கும். மூன்று லிட்டர் பாத்திரம் இருந்தால் அடுப்பில் வழியாது.

பதம் பார்ப்பது எப்படி?

கரண்டியால் அடிவரை ஒரு கோடு இழுங்கள். பாத்திரத்தின் அடி ஒரு கணம் தெரிந்து, பிறகு மெதுவாக மூடிக்கொண்டால் சரியான பதம். கோடே விழாவிட்டால் நீர்ப்பு. கோடு மூடாமல் அப்படியே நின்றால் கட்டி.

நீர்ப்பாகத் தெரிந்தால் உடனே ஓட்ஸை அள்ளிப் போடாதீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்று ஒரு வகை நார்ச்சத்து இருக்கிறது. கஞ்சிக்கு வழவழப்பு தருவது அதுதான். அது தண்ணீரை இழுத்து உப்புவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும், அடுப்பை அணைத்த பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும். மூடி வைத்து ஐந்து நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். அடுப்பில் இருக்கும்போது சற்றுத் தளர்வாகத் தெரிவதே கிண்ணத்துக்கு வரும்போது சரியாக இருக்கும். அடுப்பிலேயே சரியாகத் தெரிந்தால் தட்டில் களியாகிவிடும்.

கட்டியாகிவிட்டால் வெந்நீர் சேருங்கள், கிண்ணத்துக்குக் கால் டம்ளர். பச்சைத் தண்ணீர் வேண்டாம். கஞ்சி கட்டிகட்டியாகப் பிரியும், மறுபடி கொதிக்கவைக்க வேண்டியும் வரும். அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், கருகின வாசனை ஏறாது.

பால் இல்லாத நாளில் பாலின் அளவுக்குத் தண்ணீரையே ஊற்றலாம், பதம் மாறாது. ஆனால் பாலில் வரும் புரதம் குறையும். அதை ஒரு முட்டையோ, ஒரு கைப்பிடிச் சுண்டலோ ஈடுசெய்யும். உப்புக் கஞ்சி பிடிக்கிறவர்கள் பாலுக்குப் பதில் அதே அளவு மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் அரிந்து போடலாம். ஆனால் மோரை இறக்கி ஆறின பிறகுதான் ஊற்ற வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும்.

ஒரே பாத்திரத்திலிருந்து ஐந்து பேருக்கு

ஒரு பாத்திரத்தில் செய்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கக் கூடாது. அதனால் பாத்திரத்தில் சர்க்கரையோ வெல்லமோ போடாதீர்கள். முதலில் பங்கு பிரியுங்கள், பிறகு அவரவர் கிண்ணத்தில் போடுங்கள்.

குழந்தையின் பங்கை முதலில் எடுங்கள். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே. வேறு எதுவும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்த பிறகு தாய்ப்பாலோடு கெட்டியான கஞ்சி தரலாம். எவ்வளவு கெட்டி? கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்க வேண்டும். நீர்க்கக் கொடுத்தால் சின்ன வயிறு தண்ணீரால் நிரம்பிவிடும், சத்து போய்ச் சேராது. ஆகவே கடைசிப் பாலை ஊற்றுவதற்கு முன்பே குழந்தையின் பங்கைக் கெட்டியாக எடுத்து, நன்றாக மசித்துக் கொடுங்கள். அதற்கு உப்பும் சர்க்கரையும் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாது. முழு வேர்க்கடலை, முந்திரி தொண்டையில் அடைக்கும். பொடித்துத்தான் போட வேண்டும்.

பாட்டிக்குச் சர்க்கரை வியாதி. அவருடைய முக்கால் கிண்ணத்தில் சர்க்கரையும் வெல்லமும் கிடையாது. "அத்தை, ஓட்ஸ் சர்க்கரைக்கு நல்லதாம், இன்னும் ஒரு கிண்ணம் சாப்பிடுங்க" என்று மருமகள் அன்பாய்ச் சொல்லலாம். ஆனால் ஓட்ஸும் தானியம்தான், மாவுச்சத்துதான். சோற்றுக்கும் இட்லிக்கும் பதிலாக அளவோடு சாப்பிட்டால் பயன் உண்டு. இட்லி சாப்பிட்டு அதன்மேல் கஞ்சியும் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பொடியாய் அரைத்து நீர்க்கக் காய்ச்சிக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். கெட்டியாக, கரண்டியால் சாப்பிடுவதுதான் அவருக்கு ஏற்றது. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஓட்ஸை நம்பி நிறுத்தக் கூடாது.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஒன்று கவனியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை இந்தப் பால் கஞ்சியோடு சேர்த்து விழுங்கக் கூடாது. பாலும் தானியமும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் ஊறவைக்கும் ஓட்ஸ்

விடியற்காலை ஐந்து மணிக்குப் பஸ் ஏறுகிறவருக்கு அடுப்பு மூட்ட நேரம் ஏது? அதற்குத்தான் ராத்திரியே ஊறவைக்கும் முறை. இது புதிதாக வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்து நாட்டில் சூரிச் நகரத்தில் பிர்ஷர்-பென்னர் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1900-ஆம் ஆண்டை ஒட்டி அவர் தம் நோயாளிகளுக்கு ஊறவைத்த ஓட்ஸ் கொடுத்து வந்தார். ஒரு கரண்டி ஓட்ஸ், மூன்று கரண்டி தண்ணீர், 12 மணி நேரம் ஊறல். அதில் துருவிய ஆப்பிளும் எலுமிச்சைச் சாறும் சேரும். அவர் ஊற வைத்தது தண்ணீரில், பாலில் அல்ல. ஊரோ குளிர் பிரதேசம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு அளவு இது. ஒரு கிண்ணத்துக்கு அரை டம்ளர் முழு அவல் ஓட்ஸ், அரை டம்ளர் காய்ச்சி ஆறின பால், கால் டம்ளர் காய்ச்சி ஆறின தண்ணீர். அதாவது ஓட்ஸ் ஒரு பங்கு என்றால் பாலும் தண்ணீரும் சேர்ந்து ஒன்றரைப் பங்கு. அடுப்புக் கஞ்சிக்கு மூன்று பங்கு ஊற்றினோம். இங்கே அதில் பாதிதான். காரணம் எளிது. அடுப்பில் வெந்தால் ஓட்ஸின் மாவு வெடித்து நிறையத் தண்ணீரைக் குடிக்கும், ஆவியாகவும் கொஞ்சம் போகும். ஊறலில் ஆவி கிடையாது. ஓட்ஸும் ஊறி மெத்தென்று ஆகுமே தவிர அந்த அளவு குடிக்காது. மூன்று பங்கு ஊற்றினால் காலையில் அடியில் ஓட்ஸும் மேலே பாலுமாகப் பிரிந்து நிற்கும்.

ஆவி இல்லாததால்தான் இங்கே நேர்ப் பெருக்கல் சரியாக வருகிறது. நாலு கிண்ணமா? இரண்டு டம்ளர் ஓட்ஸ், இரண்டு டம்ளர் பால், ஒரு டம்ளர் தண்ணீர். எதையும் குறைக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

ஆனால் ஒரு பெரிய நிபந்தனை உண்டு. இதைக் குளிர்சாதனப் பெட்டியில், அதாவது பிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். வெளியில் வைக்கவே கூடாது. நம் ஊரில் ராத்திரியிலும் புழுக்கம் விடுவதில்லை. அந்தச் சூட்டில் பாலும் தானியமும் கலந்து எட்டு மணி நேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும். காலையில் புளித்த வாடை வந்தால் நாமே கொட்டிவிடுவோம். வாடையே வராமலும் கெட்டிருக்கலாம், அதுதான் ஆபத்து. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து ஷிப்டுக்கே போக முடியாமல் போகும்.

"பழைய சோற்றை ராத்திரியெல்லாம் வெளியிலேதானே ஊறவைக்கிறோம்?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயம். பழைய சோறு நன்றாக வெந்த சோறு. தண்ணீரில் மூழ்கிக் கிடந்து புளிக்கிறது. அதில் பால் இல்லை. அந்தப் பக்குவம் தலைமுறைகளாக நம் கைக்குத் தெரியும். ஓட்ஸும் பாலும் அந்தக் கணக்கில் சேராது.

பிரிட்ஜ் உள்ளவர்களும் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். பால் நன்றாக ஆறின பிறகே கலக்குங்கள். நாலு கிண்ணத்தையும் ஒரே பெரிய பாத்திரத்தில் வைக்காதீர்கள்; நடுப்பகுதி குளிர வெகு நேரமாகும். மூடியுள்ள சின்ன டப்பாக்களில் தனித்தனியாக வைத்தால் சீக்கிரம் குளிரும், காலையில் பங்கு பிரிக்கிற வேலையும் மிச்சம். மூன்றாவது மின்தடை. கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜ் நாலு மணி நேரம்வரை குளிர்ச்சியைக் காப்பாற்றும். அதற்குமேல் கரண்ட் இல்லாமல் போயிருந்தால் அந்த ஓட்ஸைக் கொட்டிவிடுங்கள். பையன் பங்கு, கணவர் பங்கு என்று பார்க்க வேண்டாம்.

வாழைப்பழம் போடுவதானால் காலையில் போடுங்கள். ராத்திரியே போட்டால் கறுத்துவிடும். ஊறலைப் பஸ்ஸில் எடுத்துப்போய் எட்டு மணி இடைவேளையில் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும், கோடையில் ஒரு மணி நேரத்துக்குள். கிளம்பும் முன் வீட்டிலேயே சாப்பிடுவதுதான் சரி. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இந்த ஊறல் வேண்டாம். அதற்கு அடுப்பில் வெந்த கஞ்சிதான்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு

பிரிட்ஜ் இல்லையென்றால் வருத்தப்பட வேண்டியதில்லை. தொழிற்சாலையில் அவல் ஆக்கும்போதே ஓட்ஸை ஆவியில் வேகவைத்து நசுக்குகிறார்கள். ஆகவே அது பாதி வெந்த பொருள்தான். ராத்திரி ஓட்ஸை மட்டும் அளந்து காய்ந்த டப்பாவில் போட்டு வையுங்கள். காலையில் கொதிக்கிற தண்ணீரைக் கிண்ணத்துக்கு முக்கால் டம்ளர் ஊற்றி இறுக மூடுங்கள். மெல்லிய வகையானால் பத்து நிமிஷத்தில் மெத்தென்று ஆகிவிடும். அவர் பல் துலக்கிச் சட்டை மாட்டுவதற்குள் தயார். அதன்மேல் கால் டம்ளர் சூடான பாலோ, தயிரோ ஊற்றிக்கொள்ளலாம். ராத்திரி முழுவதும் ஊற வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இரண்டாம் ஷிப்டு முடித்து நடுராத்திரியில் வருகிறவருக்கும் இதே வழிதான். சாயங்காலம் வைத்த கஞ்சியை அவருக்காக மூடி வைத்தால் அது கட்டிப்போயிருக்கும், கெட்டும் போயிருக்கலாம். ஓட்ஸை அளந்து வைத்து, பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துவிட்டுப் படுங்கள். அவரே ஊற்றிக்கொள்வார். சமையல் மனைவியின் வேலை மட்டும் என்பதில்லை. டம்ளரால் அளக்கக் கணவருக்கும் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. பணம் நெருக்கடியான மாதத்தில் ஓட்ஸ் இல்லையே என்று குறைப்பட வேண்டாம். பாக்கெட் ஓட்ஸ் நம் மண்ணில் விளைந்ததல்ல. பெரும்பகுதி ஆஸ்திரேலியா போன்ற வெளிநாடுகளிலிருந்து வரும் தானியம். அந்த விலை அதில் சேர்ந்திருக்கிறது. நம் கேழ்வரகில் ஓட்ஸை விடச் சுண்ணாம்புச்சத்து பல மடங்கு அதிகம். வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் கஞ்சி, சில நாள் ஓட்ஸ் என்று மாற்றிக்கொண்டால் பணமும் மிச்சம், குழந்தைகளுக்கும் சலிக்காது. கேழ்வரகு மாவை அடுப்பில் வைக்கும்போதும் தண்ணீர்க் கணக்கு இதுதான்: மாவைப் பெருக்குகிற மடங்கில் தண்ணீரைப் பெருக்காதீர்கள்.

சமையலறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள அளவுகளை இதோ தருகிறேன். எல்லாம் ஒரே டம்ளரால்.

அடுப்புக் கஞ்சி (மெல்லிய ஓட்ஸ்)
1 கிண்ணம்: ஓட்ஸ் ½, தண்ணீர் 1, பால் ½
2 கிண்ணம்: ஓட்ஸ் 1, தண்ணீர் 1¾, பால் 1
4 கிண்ணம்: ஓட்ஸ் 2, தண்ணீர் 3½, பால் 2
6 கிண்ணம்: ஓட்ஸ் 3, தண்ணீர் 5, பால் 3

பிரிட்ஜில் ஊறல் (முழு அவல் ஓட்ஸ்)
1 கிண்ணம்: ஓட்ஸ் ½, பால் ½, தண்ணீர் ¼
2 கிண்ணம்: ஓட்ஸ் 1, பால் 1, தண்ணீர் ½
4 கிண்ணம்: ஓட்ஸ் 2, பால் 2, தண்ணீர் 1
6 கிண்ணம்: ஓட்ஸ் 3, பால் 3, தண்ணீர் 1½

இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே உள்ளதில் தண்ணீர் மட்டும் நேராக ஏறவில்லை. அந்த இடைவெளிதான் ஆவி. சந்தேகம் இருந்தால் இப்போதே கேளுங்கள். குழந்தை உணவைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் எப்போதும் கேட்கலாம்.